காணொளியில் இல்லாத படிகள்

பிளஸ் டூவில் வேதியியல் படித்தவர்களுக்கு இந்தச் சோதனை நினைவிருக்கும். கீழே கூம்புக் குடுவையில் நிறமில்லாத ஆக்சாலிக் அமிலக் கரைசல். மேலே பியூரெட்டில் அடர் ஊதா நிறத்தில் பொட்டாசியம் பெர்மாங்கனேட். ஊதாச் சொட்டு குடுவைக்குள் விழுந்து, ஒரு சுழற்றலில் காணாமல் போகும். அடுத்த சொட்டும் அப்படியே. ஒரு கட்டத்தில் ஒரு சொட்டு மறையாமல் தங்கி, குடுவை முழுவதும் வெளிர் இளஞ்சிவப்பாகிவிடும். அங்கே நிறுத்தி, பியூரெட்டில் எத்தனை மில்லி இறங்கியிருக்கிறது என்று பார்த்தால், குடுவையில் எவ்வளவு அமிலம் இருந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம். பாடப்புத்தகம் இதைத் தரம் பார்த்தல் என்கிறது. மாணவர்கள் டைட்ரேஷன் என்கிறார்கள்.

அரசுப் பள்ளி ஒன்றில் வேதியியல் நடத்தும் நண்பர், இந்தச் சோதனையை வகுப்பில் செய்துகாட்டும்போது செல்போனில் பதிவு செய்திருந்தார். நல்ல பதிவு. சோதனையும் சரியாக வந்திருந்தது. ஆனால் மாணவர்கள் ஆய்வகத்தில் நின்றுகொண்டு அதைப் பார்த்தபடி செய்ய முடியவில்லை. ஈரக் கையோடு போனைத் தொட்டு, விட்ட இடத்தைத் தேடி, திரும்ப ஓட்டிப் பார்ப்பதற்குள் குடுவை ஆறிவிடும். அதனால் மேசைமேல் வைத்துப் பார்த்துச் செய்ய, படங்களோடு இரண்டு தாளில் ஒரு வழிகாட்டி வேண்டும் என்றார். நான் பாடநூல், பயிற்சி ஏடுகளைத் தொகுக்கும் வேலையில் இருப்பவன் என்பதால் அது என்னிடம் வந்தது.

இப்படியொரு வேலை வந்தால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, வீடியோவை ஆங்காங்கே நிறுத்திப் படம் பிடித்து, ஆசிரியர் சொன்னதை அதன் கீழே எழுதிவிடலாம் என்பதுதான். அப்படிச் செய்தால் கிடைப்பது வீடியோவைவிட மோசமான ஒன்று. வீடியோவில் ஆசிரியர் சொல்லாததையும் அவர் கை காட்டிக்கொண்டே இருக்கும். தாளுக்கு வரும்போது சொன்னது மட்டும் தங்கும், செய்தது உதிர்ந்துபோகும்.

எனவே நான் வீடியோவை இரண்டு தனி வேலைகளாகப் பார்க்கிறேன். ஒருமுறை ஒலியை முழுவதும் அடக்கிவிட்டு, கை செய்வதை மட்டும் நேரத்தோடு எழுதிக்கொள்வேன். இன்னொருமுறை திரையைப் பார்க்காமல், காதில் விழுவதை மட்டும் எழுதுவேன். VLC-யில் `E` விசையைத் தட்டினால் ஒரு சட்டகம் ஒரு சட்டகமாக நகரும். `Shift+S` அழுத்தினால் அந்தச் சட்டகம் படமாகச் சேமிக்கப்படும். இதற்கு மேல் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. பிறகு இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சொல்லாமல் செய்தவை ஒரு பக்கம் தெரியும், சொல்லிவிட்டுச் செய்யாதவை இன்னொரு பக்கம் தெரியும்.

நண்பரின் வீடியோவில் சொல்லாமல் செய்தவை நிறைய. பியூரெட்டை நிரப்பியதும் புனலை எடுத்து அப்பால் வைக்கிறார்; அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. புனலை எடுக்காமல் விட்டால், அதன் தண்டில் ஒட்டியிருக்கும் கரைசல் பிறகு சொட்டி, அளவைக் கெடுத்துவிடும். பியூரெட்டின் திருகை ஒரு நொடி முழுவதும் திறந்து மூடுகிறார். அதற்கும் விளக்கம் இல்லை. கீழ் மூக்கில் அடைத்திருக்கும் காற்றுக் குமிழை வெளியே தள்ளத்தான் அது. குமிழ் சோதனையின் நடுவில் வெளியேறினால், அது இருந்த இடத்தைக் கரைசல் நிரப்பும். குடுவைக்குள் விழாத கரைசலும் விழுந்ததாகக் கணக்கில் ஏறிவிடும். இருபது ஆண்டுகள் இதையே செய்தவருக்கு இவை யோசித்துச் செய்யும் காரியங்களே அல்ல. பிறகு கேட்டபோது, "நான் அப்படியா செஞ்சேன்?" என்று அவரே வியந்தார்.

அடுத்து வந்தது வீடியோவால் காட்டவே முடியாத ஒரு சங்கதி. இந்தச் சோதனையில் காய்ச்சி வடித்த நீர், ஆக்சாலிக் அமிலம், நீர்த்த கந்தக அமிலம் ஆகிய மூன்றும் கண்ணுக்கு ஒரே மாதிரி. திரையில் எல்லாமே தண்ணீர். எந்தப் பாத்திரத்தை எதைக் கொண்டு அலச வேண்டும் என்பதில்தான் விடையே இருக்கிறது. பியூரெட்டைப் பெர்மாங்கனேட்டாலேயே அலச வேண்டும், பிப்பெட்டை ஆக்சாலிக் அமிலத்தால் அலச வேண்டும், கூம்புக் குடுவையை மட்டும் வெறும் காய்ச்சி வடித்த நீரால்தான் அலச வேண்டும். மற்ற இரண்டையும் கரைசலால் அலசிய கையோடு குடுவையையும் ஆக்சாலிக் அமிலத்தால் அலசிவிடுகிற மாணவர்கள் உண்டு. அலசிய பின் உள்சுவரில் ஒட்டியிருக்கும் அமிலம், பிப்பெட்டால் அளந்து விடும் 20 மில்லியோடு சேர்ந்துவிடும், விடை கூடிப்போகும். நீர் ஒட்டியிருந்தால் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் குடுவையில் அமிலம் எத்தனை கிராம் என்பதுதான் கேள்வி, எவ்வளவு நீரில் கரைந்திருக்கிறது என்பதல்ல.

இதை வீடியோவிலிருந்து எடுத்த படத்தால் காட்ட முடியாது. கண்ணாடிப் பாத்திரத்தில் நிறமில்லாத ஏதோ ஒன்று இருக்கிறது என்பது மட்டுமே அதில் தெரியும். அதனால் இந்தப் படிக்குக் கோட்டோவியம் போட்டோம். மூன்று பாத்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் மேலே அதற்குரிய புட்டி, புட்டியின் மேல் பெரிய எழுத்தில் பெயர். கந்தக அமிலப் புட்டியின் பெயரை முழுதாக எழுதச் சொன்னேன். வெறும் "அமிலம்" என்று எழுதினால் மாணவர் கைக்கு எட்டும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எடுத்துவிடலாம். அதில் இருக்கும் குளோரைடையும் பெர்மாங்கனேட் தாக்கிக் குளோரினாக மாற்றும். விடை தப்பாவதோடு, மூச்சில் ஏறக்கூடாத வாயுவும் வரும்.

கோட்டோவியத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. வகுப்பைப் பார்த்து நிற்கும் ஆசிரியரை எதிரிலிருந்து எடுத்த பதிவு இது. வலதுகைப் பழக்கம் உள்ளவர் பியூரெட்டின் திருகை இடது கையால் இயக்க வேண்டும். இடது கையை பியூரெட்டுக்குப் பின்னாலிருந்து சுற்றிக் கொண்டுவந்து, விரல்களால் திருகை லேசாக உள்ளே அழுத்தியபடி திருப்ப வேண்டும். அப்படிப் பிடித்தால் திருகு நழுவி வெளியே வராது. வலது கை குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். எதிரிலிருந்து எடுத்த படத்தில் இது இடவலம் மாறித் தெரியும். படத்தைப் பார்த்துச் செய்பவர் கண்ணாடியில் பார்ப்பதுபோல் அப்படியே செய்வார், திருகு தவறான கைக்குப் போய்விடும். ஆகவே வழிகாட்டியில் கைகளைக் காட்டும் படங்கள் எல்லாம் செய்பவரின் கண் இருக்கும் இடத்திலிருந்து வரையப்பட வேண்டும். வீடியோ சட்டகத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பிரதி எடுத்தால் இது வராது. நண்பரை மறுபடி நிற்கச் சொல்லி, அவர் தோளுக்குப் பின்னாலிருந்து சில படங்கள் எடுத்து, அவற்றின் மேல்தான் ஓவியர் கோடு போட்டார். கோட்டோவியம் என்றால் பின்னணியில் இருந்த மாணவர்களின் முகமும் விழாது. அதற்கென்று தனியாக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

பியூரெட் அளவைக் காட்டும் சட்டகம்தான் எங்களை அதிகம் ஏமாற்றியது. வீடியோவில் கேமரா மெதுவாக நெருங்கிப்போய் அளவுகோட்டைக் காட்டுகிறது. அழகான, தெளிவான சட்டகம். அதில் கரைசலின் மட்டம் 19.2 என்று நிற்கிறது. ஆசிரியரோ 19.5 என்று கரும்பலகையில் எழுதுகிறார். இருவரில் யார் தப்பு?

கேமராதான். அது ஆசிரியரின் நெஞ்சு உயரத்தில் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தது. தொடக்கத்தில் கரைசல் பூஜ்யக் கோட்டில் இருந்தபோது அந்த உயரமும் கேமராவும் சமமாக இருந்தன. சோதனை முடிவில் மட்டம் கீழே இறங்கிவிட்டது, கேமரா இறங்கவில்லை. மேலிருந்து சாய்வாகப் பார்த்தால், குழாயின் நடுவில் இருக்கும் மட்டம் முன்பக்கக் கண்ணாடியில் எழுதிய கோடுகளில் சற்று மேலே இருப்பதாகத் தோன்றும். பியூரெட்டில் எண்கள் மேலிருந்து கீழே கூடிக்கொண்டு போவதால், மேலே தோன்றுவது என்றால் குறைவாகத் தோன்றுவது என்று பொருள். குனிந்து, கண்ணை மட்டத்துக்கு நேராக வைத்துப் படித்தவர் ஆசிரியர். அவர் குனிந்ததைக் கேமரா பிடிக்கவில்லை, ஏனென்றால் அந்த நேரம் அது எண்களின் மேல் இருந்தது.

0.3 மில்லி என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெர்மாங்கனேட்டின் திறன் 0.1 நார்மல், குடுவையில் எடுத்தது 20 மில்லி. இறங்கியது 19.5 மில்லி என்றால்:

```
20 × N = 19.5 × 0.1
N = 0.0975
0.0975 × 63 = 6.14 கிராம்/லிட்டர்
```

இங்கே 63 என்பது ஆக்சாலிக் அமிலப் படிகத்தின் சமான எடை. 19.2 என்று எடுத்துக்கொண்டால் விடை 6.05 ஆகிவிடும். கையில் எந்தத் தப்பும் இல்லாமல், கண் வைத்த இடத்தால் மட்டுமே வரும் வித்தியாசம் இது. செய்முறைத் தேர்வில் மதிப்பெண் போவது இப்படித்தான்.

அந்தச் சட்டகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, கண், மட்டம், கோடு ஆகிய மூன்றும் ஒரே கிடைக்கோட்டில் இருப்பதாக ஒரு பக்கவாட்டுப் படம் வரைந்தோம். கூடவே இன்னொரு விஷயத்தையும் சேர்த்தோம். நிறமில்லாத கரைசலில் மேற்பரப்பு வளைவின் அடியைப் பார்த்து அளவெடுப்பதுதான் வழக்கம். பெர்மாங்கனேட்டின் அடர் நிறத்தில் அந்த அடிப்பகுதி தெரியவே தெரியாது. எனவே இந்த ஒரு கரைசலுக்கு வளைவின் மேல் விளிம்பைப் படிக்க வேண்டும், தொடக்கத்திலும் முடிவிலும் அதையேதான் படிக்க வேண்டும். தொடக்கத்தில் ஒன்று, முடிவில் இன்னொன்று என்று மாறிவிட்டால் பிழை தானாக வந்து சேரும்.

இனி பாதுகாப்புக் குறிப்புகள். குடுவையைச் சூடாக்கும் கட்டத்தில் வீடியோவில் ஆசிரியர் சொல்வது இது: "இப்ப இத கொஞ்சம் சூடு பண்ணிக்கணும்ப்பா. தொட்டா கை பொறுக்காத சூடு வந்தாப் போதும். பாத்து, கொதிக்க விட்றாதீங்க." எதிரே இருக்கும் மாணவர்களுக்கு இது போதும். அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஏதாவது தப்பாகப் போனால் அவர் எட்டிப் பிடித்துவிடுவார். இதே வாக்கியம் தாளில் ஏறினால் வேறொன்றாகிவிடுகிறது. அமிலம் இருக்கும் சூடான கண்ணாடியைத் தொட்டுப் பார் என்று எழுத்தில் கட்டளையிடுவதாகிவிடும். "பார்த்து" என்பதும் வேலை முடிந்த பிறகு வருகிறது. தாளைப் பார்த்துச் செய்பவர் ஒரு வரி படிப்பார், அதைச் செய்வார், பிறகுதான் அடுத்த வரிக்குப் போவார். எச்சரிக்கை அடுத்த வரியில் இருந்தால் அவர் அதற்குள் ஊற்றி முடித்திருப்பார்.

நாங்கள் எழுதியது இப்படி வந்தது:

*எச்சரிக்கை. குடுவையில் அமிலம் இருக்கிறது; கொதித்தால் வாய் வழியே தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்த பிறகே அடுப்பைப் பற்றவையுங்கள். குடுவைக்கு மேலே முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். கண்ணில் பட்டால் உடனே குழாய் நீரில், இமையைத் திறந்து பிடித்தபடி 15 நிமிடம் கழுவுங்கள். பக்கத்தில் இருப்பவர் ஆசிரியரை அழைக்க வேண்டும்.*

*படி 9. குடுவையைக் கம்பிவலை மேல் வைத்து, சிறு தீயில், வெப்பமானி 60 டிகிரி செல்சியஸ் காட்டும் வரை சூடாக்குங்கள். 70-ஐத் தாண்ட வேண்டாம். வெப்பமானியை வெளியே எடுக்கும்போது அதன் நுனியைச் சிறிது காய்ச்சி வடித்த நீரால் குடுவைக்குள்ளேயே கழுவிவிடுங்கள்.*

*படி 10. அடுப்பை அணையுங்கள். மடித்த காகிதப் பட்டையைக் குடுவையின் கழுத்தில் சுற்றிப் பிடித்து எடுத்து, பியூரெட்டின் கீழே வெள்ளை ஓட்டின் மேல் வையுங்கள்.*

என்ன ஆகும், ஏன் ஆகும், ஆகிவிட்டால் என்ன செய்வது ஆகிய மூன்றும் அந்த எச்சரிக்கையில் இருக்கின்றன. "கவனமாகக் கையாளவும்" என்பதை நான் எங்கேயும் எழுதுவதில்லை. எதில் கவனம் என்று தெரிந்தவருக்கு அது தேவையில்லை, தெரியாதவருக்கு அது உதவுவதில்லை. வெப்பமானியைக் கழுவுவது ஆபத்தைப் பற்றியது அல்ல, அளவைப் பற்றியது. அதனால் அது எச்சரிக்கைக் கட்டத்துக்குள் வரவில்லை, படிக்குள் வந்தது. இந்தப் பிரிவினையில் கறாராக இருக்க வேண்டும். உடம்புக்குக் கேடு செய்வது மட்டும்தான் சிவப்புக் கட்டத்துக்குள் போகலாம். விடையைக் கெடுப்பவற்றையும் அதற்குள் அடைத்தால் எல்லாப் படியிலும் சிவப்பு வந்துவிடும், பிறகு யார் கண்ணும் அதில் நிற்காது. எங்கள் வழிகாட்டியில் சிவப்புக் கட்டங்கள் மிகக் குறைவு.

அவற்றில் ஒன்று பிப்பெட்டுக்கு. பல பழைய பதிவுகளில் ஆசிரியர் பிப்பெட்டை வாயில் வைத்து உறிஞ்சுவதைப் பார்க்கலாம். நண்பரின் வீடியோவிலும் அப்படித்தான். ஆக்சாலிக் அமிலம் நச்சு. ஒரு மிடறு உள்ளே போவதற்கு ஒரு கவனக்குறைவு போதும். வாயால் உறிஞ்சாதீர்கள் என்று எழுதிவிட்டு, பக்கத்திலேயே வாயால் உறிஞ்சும் படத்தைப் போட்டால் படம்தான் வெல்லும். எழுத்தைப் படிக்காதவர்கூடப் படத்தைப் பார்த்துவிடுவார். எனவே அந்தப் பகுதியிலிருந்து ஒரு சட்டகம்கூட எடுக்கவில்லை. ரப்பர் பல்பு பொருத்திய பிப்பெட்டை வைத்துப் புதிதாக வரைந்தோம். கடைசிச் சொட்டை ஊதித் தள்ளாமல், பிப்பெட்டின் நுனியைக் குடுவையின் சுவரில் தொட்டு எடுக்க வேண்டும் என்பதும் அந்தப் படத்தில் இருக்கிறது. நுனியில் தங்கும் அந்தத் துளியையும் கழித்துத்தான் 20 மில்லி என்று பிப்பெட்டில் கோடு போட்டிருக்கிறார்கள்.

வீடியோ தொடங்குவதற்கு முன்பே நடந்துவிட்ட வேலைகளும் இருந்தன. நீர்த்த கந்தக அமிலம் புட்டியில் தயாராக இருக்கிறது. அதை யாரோ கலந்திருக்க வேண்டும். 2 நார்மல் திறனில் ஒரு லிட்டர் தயாரிக்க, அடர் கந்தக அமிலம் ஏறக்குறைய 56 மில்லி வேண்டும். நிறைய நீரை முதலில் எடுத்துக்கொண்டு, அதில் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, கலக்கிக்கொண்டே ஊற்றி, ஆறவிட்டுப் பிறகு லிட்டர் கோட்டுக்கு நிரப்ப வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றினால், கனம் குறைந்த நீர் மேலேயே நிற்கும், எழும் வெப்பத்தில் அது சட்டென்று கொதித்து அமிலத்தையும் சேர்த்து வாரி இறைக்கும். இது மாணவர் தாளில் வரவே இல்லை. ஆசிரியருக்கென்று தனித்தாள் போட்டு அதில் வைத்தோம். பெர்மாங்கனேட் தூளும் அடர் கந்தக அமிலமும் ஒரே மேசையில் இருக்கக் கூடாது என்பதையும் அங்கேயே எழுதினோம். இரண்டும் சேர்ந்தால் வெடிக்கக்கூடிய ஒரு எண்ணெய்ப் பொருள் உருவாகும். எந்த எச்சரிக்கை யார் கையில் இருக்கும் தாளுக்கு உரியது என்று முடிவு செய்வதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான். மாணவர் தொடப்போகாத ஒன்றைப் பற்றி மாணவருக்கு எச்சரித்தால், அவர் தொடப்போவதற்கான எச்சரிக்கை கூட்டத்தில் தொலைந்துவிடும்.

வெட்டி எடுக்கப்பட்ட நேரம் இன்னொரு பிரச்சினை. வீடியோவில் முதல் சொட்டு விழுகிறது, உடனே நிறம் மறைகிறது. உண்மையில் அப்படி நடக்காது. சூடான கரைசலிலும் முதல் சொட்டின் ஊதா சில நொடிகள் அப்படியே நிற்கும், ஏனென்றால் இந்த வினையை வேகப்படுத்துவது வினையில் உருவாகும் மாங்கனீசு அயனிதான். முதல் சொட்டுகள் வினைபுரிந்து கொஞ்சம் மாங்கனீசு சேர்ந்த பிறகு, அடுத்து விழுபவை விழுந்ததும் மறையும். ஆசிரியர் அங்கே பேசாமல் காத்திருந்தார். பதிவைச் சுருக்கியவர், ஒன்றும் நடக்காத இடம் என்று நினைத்து அதை வெட்டிவிட்டார். பார்த்துப் படித்த மாணவர் முதல் சொட்டு நிற்பதைக் கண்டதும் முடிவு நிலை வந்துவிட்டது என்று பியூரெட்டை மூடிவிடுவார். வழிகாட்டியில் அந்தக் காத்திருப்பே ஒரு படியாகத் திரும்ப வந்தது. இதனால்தான் இப்போதெல்லாம் நான் வெட்டாத மூலப் பதிவைக் கேட்டு வாங்குகிறேன்.

பழுப்பு நிறக் கலங்கலுக்கும் ஒரு சிறு படம் வைத்தோம். கந்தக அமிலம் குறைவாகச் சேர்த்தாலோ, பெர்மாங்கனேட்டை மடமடவென்று திறந்துவிட்டாலோ, குடுவை தெளிவாக இல்லாமல் தேநீர்போலக் கலங்கும். மாங்கனீசு டை ஆக்சைடு உண்டாகிவிட்டது என்று பொருள். அதற்கு மேல் தொடர்ந்து பயனில்லை. கொட்டிவிட்டுப் புதிதாக 20 மில்லி எடுக்க வேண்டும். நல்லபடியாக நடந்த சோதனையின் பதிவில் இந்தக் காட்சி எப்படி இருக்கும்? அதனால் வேண்டுமென்றே ஒருமுறை கெடுத்து, அதைப் படம் எடுத்தோம்.

முடிவு நிலையின் நிறம்தான் கடைசிச் சிக்கல். செல்போன் கேமரா தானாகவே வெளிச்சத்தையும் நிறத்தையும் திருத்திக்கொள்கிறது. ஒரு சட்டகத்தில் குடுவை வெள்ளையாகவும், ஆசிரியர் கையை விலக்கிய அடுத்த நொடியில் ரோஜா நிறமாகவும் தெரிகிறது. உள்ளே எதுவும் மாறவில்லை. எனவே மூன்று குடுவைகளை வெள்ளை ஓட்டின் மேல் பக்கம் பக்கமாக நிறுத்தி ஒரே படமாக எடுத்தோம். முதலாவது இன்னும் ஒரு சொட்டு வேண்டியது, இரண்டாவது சரியானது, மூன்றாவது எல்லை தாண்டியது. ஒரே படத்தில் இருப்பதால் நிறம் கொஞ்சம் பிசகினாலும் மூன்றுக்கும் இடையிலான வித்தியாசம் அப்படியே இருக்கும்.

எல்லாம் சரி என்று நினைத்திருந்தபோது நண்பர் சிரித்தார். பள்ளியில் வண்ண அச்சுக்கு வழியில்லை, கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ்தான் எடுப்பார்கள். ஜெராக்ஸில் மூன்று குடுவையும் ஒரே சாம்பல் நிறம். ஆக, நிறத்தையும் சொல்லால்தான் சொல்ல வேண்டியிருந்தது. "இளஞ்சிவப்பு" என்று மட்டும் எழுதினால் மாணவர்கள் எல்லை தாண்டிய குடுவையில்தான் போய் நிற்பார்கள். கடைசியில் இப்படி எழுதினோம்: வெள்ளை ஓட்டின் மேல் வைத்துப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு வெளிறிய சிவப்பு, சுழற்றிய பின் 30 நொடி மறையாமல் நிற்க வேண்டும், ஓடு இல்லாமலே பளிச்சென்று தெரிந்தால் தாண்டிவிட்டீர்கள். சிவப்புக் கட்டங்களும் ஜெராக்ஸில் சிவப்பாக வராது என்பதால் அவற்றுக்குத் தடித்த கறுப்புக் கரையும், இடது மூலையில் முக்கோணக் குறியும் போட்டோம்.

நிறம் வந்ததோடு வீடியோ முடிந்துவிடுகிறது. வழிகாட்டி அங்கே முடிய முடியாது. பெர்மாங்கனேட்டைப் பியூரெட்டிலேயே விட்டுவிட்டுப் போனால், கண்ணாடித் திருகு மறுநாள் இறுகிப்போகும், குழாயில் பழுப்புக் கறை படியும். மீதியை அதற்கென்று வைத்த கழிவுப் புட்டியில் ஊற்றிவிட்டு உடனே நீரால் கழுவ வேண்டும். ஏற்கனவே கறை பிடித்திருந்தால், கந்தக அமிலம் கொஞ்சம் கலந்த ஆக்சாலிக் அமிலமே அதைக் கரைத்துவிடும். சோதனையில் நடந்த அதே வினைதான் அங்கேயும் நடக்கிறது. விரலில் படிந்த கறைக்கு அந்த வைத்தியம் வேண்டாம் என்று தனியாக எழுத வேண்டியிருந்தது. அது தோலோடு சில நாளில் தானே போய்விடும்.

எழுதி முடித்த தாளை, வீடியோவைப் பார்த்திராத ஒரு பதினோராம் வகுப்பு மாணவியிடம் கொடுத்தோம். முதல் சுற்றில் அமிலம் எதுவும் இல்லை. எல்லாப் புட்டியிலும் தண்ணீர், பியூரெட்டுக்கு மட்டும் சாயம் கலந்த தண்ணீர். நானும் நண்பரும் வாய் திறப்பதில்லை என்று பேசிக்கொண்டு ஓரமாக நின்றோம். அவர் தயங்கும் இடத்தை மட்டும் குறித்துக்கொண்டேன். அலசும் படியில் தயக்கமே இல்லை. அளவைப் படிக்கும்போது ஒழுங்காகக் குனிந்தார். நாங்கள் எதிர்பார்க்காத இடத்தில்தான் நின்றார்.

"புனல் வழியாகப் பியூரெட்டை நிரப்புங்கள்" என்று எழுதியிருந்தோம். நண்பர் நல்ல உயரம். வீடியோவில் புனல் அவர் கழுத்துக்குக் கீழே இருந்தது. இந்த மாணவிக்கு மேசைமேல் நின்ற பியூரெட்டின் வாய் தலைக்கு மேல் இருந்தது. இரண்டு கையாலும் பீக்கரைத் தூக்கி, அண்ணாந்து பார்த்தபடி ஊற்ற முயன்றார். சாயத் தண்ணீர் புனலின் வெளிப்புறமாக வழிந்து அவர் நெற்றியில் விழுந்தது. நண்பர் வாய் திறக்காமல் இருக்க முடியவில்லை. "போதும்மா, கீழே வை" என்றார்.

பன்னிரண்டு நிமிடப் பதிவை அத்தனை முறை ஓட்டிப் பார்த்தும், ஊற்றுபவரின் உயரம் எங்கள் யாருக்கும் கண்ணில் படவில்லை. அந்தப் படி இப்போது இப்படி இருக்கிறது:

*எச்சரிக்கை. கண் மட்டத்துக்கு மேல் எந்தக் கரைசலையும் ஊற்றாதீர்கள். வழிந்தால் கண்ணில்தான் விழும்.*

*படி 5. பியூரெட்டின் திருகு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். பிடியைத் தளர்த்தி, புனலின் வாய் உங்கள் தாடைக்குக் கீழே வரும் வரை பியூரெட்டை இறக்குங்கள். அப்படியும் எட்டாவிட்டால் ஸ்டாண்டோடு தூக்கித் தரையில் வையுங்கள். முக்காலி மேல் ஏறி ஊற்ற வேண்டாம். நிரப்பியதும் புனலை எடுத்துவிட்டு, பியூரெட்டைப் பழைய உயரத்துக்கு ஏற்றி இறுக்குங்கள்.*